ஷாஃப்ட் களைப்புக் கணக்கு நிஜத்தோடு ஒத்துவரவில்லையா? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

சுழலும் ஷாஃப்ட் எத்தனை சுற்றுக்குத் தாங்கும் என்ற கணக்கைப் போடுவது சுலபம். அதில் வரும் எண்ணை நம்பலாமா என்று சொல்வதுதான் கடினம். பாடப்புத்தக வழியில் எல்லாக் காரணிகளையும் பெருக்கி முடித்ததும் "எட்டரை மணி நேரம்" என்று விடை வரும். அந்த ஷாஃப்டோ இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கும். அல்லது "எல்லையற்ற ஆயுள்" என்று வரும். ஷாஃப்ட் மூன்றே மாதத்தில் முறிந்து கையில் வரும். இரண்டுக்கும் தேடவேண்டிய இடங்கள் வேறு வேறு. ஒரே ஷாஃப்டை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு அறிகுறியாகப் பார்ப்போம்.

எடுத்துக்கொள்ளும் ஷாஃப்ட்

பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் ஐட்லர் புல்லி ஒன்று ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றுகிறது, 720 ஆர்.பி.எம். பேரிங்குக்கு வெளியே தொங்கலாக நிற்கிறது. ஐட்லர் என்பதால் முறுக்கு விசை கிடையாது. விசை ஒரே திசையில் இழுக்க, ஷாஃப்ட் சுற்றுவதால், மேற்பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுற்றில் ஒருமுறை இழுபட்டு ஒருமுறை அமுங்கும். இதுதான் முழுத் தலைகீழ் வளைவு. சராசரித் தகைவு பூஜ்யம், அதனால் குட்மேன் கோடெல்லாம் இங்கே தேவையில்லை. உங்கள் ஷாஃப்ட் சக்தியையும் கடத்துகிறது என்றால், முறுக்குத் தகைவையும் சேர்க்கவேண்டும். கீழே வரும் கணக்கு அப்படியே பொருந்தாது.

பெல்ட்டின் மொத்த இழுப்பு 6000 நியூட்டன், பேரிங் நடுவிலிருந்து புல்லி நடு வரை 80 மி.மீ. ஆக வளைவுத் திருப்பம் 480 நியூட்டன் மீட்டர். பேரிங் 6207, அதாவது ஷாஃப்ட் விட்டம் 35 மி.மீ.; பேரிங் முட்டி நிற்கும் தோளின் விட்டம் 42 மி.மீ.; தோளின் மூலையில் ஃபில்லட் ஆரம் 1 மி.மீ. இந்தப் பேரிங்குக்கு அதற்குமேல் ஆரம் வைத்தால் உள்வளையம் தோளில் ஒட்டி உட்காராது. தோள், பேரிங் நடுவிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது, அங்கே திருப்பம் சற்றுக் குறைவுதான். ஆனாலும் பாதுகாப்புக்காக முழு 480-ஐயே வைத்துக்கொள்வோம். பொருள், சான்றிதழில் 620 மெகாபாஸ்கல் இழுவலிமை காட்டும் நடுத்தரக் கரிம எஃகு.

வெறும் வளைவுத் தகைவு 114 மெகாபாஸ்கல். மூலையின் தகைவுச் செறிவு Kt, இந்த விட்டங்களுக்கு 2.11. எஃகு இந்த மூலையை முழுதாக உணர்வதில்லை. உணர்வுத்திறன் q சுமார் 0.73. அதனால் களைப்புக்கான செறிவு Kf = 1 + 0.73 × 1.11, அதாவது 1.81. மூலையில் உள்ள தகைவு 206.

களைப்பு வரம்பின் பக்கம்: வழுவழுப்பாக மெருகேற்றிய 7.6 மி.மீ. சோதனைத் தண்டுக்கு வரம்பு, இழுவலிமையில் பாதி, 310. நம் ஷாஃப்ட் அந்தத் தண்டு இல்லை. லேத்தில் கடைந்த பரப்புக்கு 0.821, 35 மி.மீ. அளவுக்கு 0.848, நூற்றுக்கு 99 ஷாஃப்ட் தாங்கவேண்டும் என்பதற்கு 0.814. வளைவு என்பதால் சுமைக்காரணி 1. அறை வெப்பநிலை என்பதால் அதுவும் 1. பெருக்கினால் 176. தகைவு இந்த வரம்பைத் தாண்டினால், ஆயிரம் சுற்றில் இழுவலிமையின் f பங்கு, பத்து லட்சம் சுற்றில் வரம்பு என்ற இரண்டு புள்ளிகளை இணைக்கும் சரிவுக்கோட்டிலிருந்து ஆயுள் வரும்; a, b அந்தக் கோட்டின் மாறிலிகள்.

```python
from math import log10
Sut, f = 620, 0.86
Se  = 0.5*Sut * 0.821 * 0.848 * 0.814
sig = 114 * 1.81
a = (f*Sut)**2 / Se
b = -log10(f*Sut/Se) / 3
N = (sig/a)**(1/b) if sig > Se else float("inf")
print(round(Se), round(sig), N)
```

விடை சுமார் 3,70,000 சுற்றுகள். 720 ஆர்.பி.எம்.மில் இது எட்டரை மணி நேரம்.

அறிகுறி 1: விடையே அபத்தமாக இருக்கிறது

ஆயுள் 0.0000027 சுற்று என்று வந்தால், b-யின் கழித்தல் குறியை விட்டுவிட்டீர்கள். அந்த எண்ணைத் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள், சரியான விடையே கிடைக்கும். கோடிக்கணக்கில், பத்தின் பதினைந்தாம் அடுக்கு என்றெல்லாம் வந்தால், மூலைத் தகைவு வரம்புக்குக் கீழே இருக்கும்போதும் சூத்திரத்தை ஓட்டியிருக்கிறீர்கள். இந்தச் சரிவுக்கோடு ஆயிரம் சுற்றிலிருந்து பத்து லட்சம் சுற்றுவரைதான் பேசும். அதற்கு அப்பால் "வரம்புக்குள்" என்று எழுதி நிறுத்திவிடவேண்டும். மேலே உள்ள நிரலில் `if` அதற்குத்தான். ஆயிரத்துக்கும் கீழே வந்தால், அங்கே களைப்பைவிட ஷாஃப்ட் நிரந்தரமாக வளைந்துவிடுமா என்பதுதான் முதல் கேள்வி.

அலகுப் பிழை வேறு வழியில் தலைகாட்டும். பரப்புக்காரணி 1.37 என்று வந்தால், அதன் சூத்திரத்தில் மெகாபாஸ்கலுக்கான 4.51 என்ற எண்ணோடு இழுவலிமையைக் கிலோ பி.எஸ்.ஐ.யில் போட்டிருக்கிறீர்கள். அளவுக்காரணி 1.8-க்கு அருகில் வந்தால், விட்டத்தை மீட்டரில் போட்டிருக்கிறீர்கள். 8 மி.மீ.க்கு மேற்பட்ட ஷாஃப்டுக்கு இந்த இரண்டு காரணிகளில் எதுவும் ஒன்றைத் தாண்டாது. ஆனால் எதிர்ப்பக்கப் பிழை இப்படிக் கண்ணில் படாது: கிலோ பி.எஸ்.ஐ.க்கான 2.70-ஐ வைத்து மெகாபாஸ்கலைப் போட்டால் 0.49 வரும், பார்க்க நியாயமாகவே இருக்கும். கடைந்த பரப்புக்கு, இந்த வலிமையில், 0.8-ஐச் சுற்றித்தான் வரவேண்டும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 2: கணக்கு சில மணி நேரம் என்கிறது, ஷாஃப்ட் வருடக்கணக்கில் ஓடுகிறது

முதலில் Kf இரண்டு தடவை நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். சில புத்தகங்கள் அதைத் தகைவோடு பெருக்கும். சில புத்தகங்கள் களைப்பு வரம்பை அதனால் வகுக்கும். இரண்டிலிருந்தும் ஒவ்வொரு வரியை எடுத்து ஒட்டிய கணக்குகளை அடிக்கடி பார்க்கிறேன். நம் ஷாஃப்டில் அப்படிச் செய்தால் ஆயுள் 47,000 சுற்று, உண்மையான விடையில் எட்டில் ஒரு பங்கு. வரம்பில் மட்டும் வைத்தால் 5,20,000. தகைவில் மட்டும் வைத்தால் 3,70,000. இந்த இரண்டும் வேறுபடுவது பிழையல்ல. முதல் வழி ஆயிரம் சுற்று முனையில் மூலையின் பாதிப்பைக் கணக்கில் எடுப்பதில்லை, இரண்டாவது எடுக்கிறது. நான் இரண்டாவதைத்தான் போடுவேன், பாதுகாப்பான பக்கம் அது.

அது சரியாக இருந்தால் அடுத்தது நம்பகக் காரணி. 0.814-ஐ எடுத்துவிட்டு ஒன்று போட்டுப் பாருங்கள். வரம்பு 176-லிருந்து 216-க்கு ஏறும். மூலைத் தகைவு 206 அதற்குக் கீழே போய்விடும், ஆயுளுக்கு எல்லை இல்லை என்று விடை மாறும். ஆக, எட்டரை மணி என்பது இந்த ஒரு ஷாஃப்ட் எப்போது முறியும் என்ற ஜோசியம் அல்ல. இதேபோல் செய்த நூறு ஷாஃப்டில் மிக பலவீனமான ஒன்றிரண்டை மனதில் வைத்துப் போட்ட எண். நடுத்தர ஷாஃப்ட் தாங்கிவிடும். உங்கள் கையில் இருப்பது ஓடிக்கொண்டிருக்கிறது என்பதால் கணக்கு பொய்யாகிவிடாது; அடுத்து மாற்றப்போகும் ஷாஃப்டும் ஓடும் என்ற உறுதியும் இல்லை. இந்த இடத்தில் 206-க்கும் 216-க்கும் நடுவில் இருக்கும் ஐந்து சதவீதம்தான் உங்கள் கையிருப்பு.

மூன்றாவது, சுமை. 6000 நியூட்டன் என்பது பெல்ட்டைப் புதிதாக மாட்டி இறுக்கியபோது இருந்த உச்சமா, நாள் முழுக்க இருப்பதா? பெல்ட் தளர்ந்து 4500-க்கு வந்திருந்தால் மூலைத் தகைவு 155, நம்பகக் காரணியோடு கூடிய வரம்புக்கும் கீழே. சரிவுக்கோட்டின் அடுக்கு இங்கே 6.2. அதாவது தகைவு பத்து சதவீதம் ஏறினால் ஆயுள் 45 சதவீதம் குறையும். சுமையை மதிப்பாகப் போட்டுவிட்டு ஆயுளை மூன்று இலக்கத் துல்லியத்தில் எழுதுவதில் பொருளில்லை. பெல்ட் இறுக்கத்தை டென்ஷன் கேஜ் வைத்து அளந்துவிட்டுத் திரும்ப உட்காருங்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 720 ஆர்.பி.எம்.மில் பத்து லட்சம் சுற்று ஒரு நாளுக்குள், சுமார் 23 மணி நேரத்தில் முடிந்துவிடும். தொடர்ந்து சுற்றும் ஷாஃப்டுக்கு "குறிப்பிட்ட ஆயுள்" என்ற விடை வந்தாலே, அது வடிவமைப்பு போதாது என்ற செய்திதான். அந்த எண் மூன்று லட்சமா ஐந்து லட்சமா என்று வாதிடுவதால் ஆவது ஒன்றுமில்லை.

அறிகுறி 3: கணக்கு தாங்கும் என்கிறது, ஷாஃப்ட் முறிந்துவிட்டது

நம் ஷாஃப்டையே புல்லியை 20 மி.மீ. உள்ளே தள்ளி, 60 மி.மீ. தொங்கலில் பொருத்தியதாக வைத்துக்கொள்வோம். திருப்பம் 360, மூலைத் தகைவு 155, வரம்பு 176. பாதுகாப்புக் காரணி 1.13. தாளில் எல்லாம் சரி. ஆனாலும் முறிந்துவிட்டது.

கணக்கைத் திறக்கும் முன் முறிந்த முகத்தைப் பாருங்கள். எண்ணெயைத் துடைத்தால் போதும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், இரண்டு துண்டையும் ஒன்றோடொன்று பொருத்தியும் பார்க்காதீர்கள். அழியக்கூடாத அடையாளம் அங்கேதான் இருக்கிறது. சாய்வாக வெளிச்சம் அடித்தால், கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகள் மாதிரி வளைவுகள் தெரியும். அவை எங்கே குவிகின்றனவோ அங்கேதான் விரிசல் பிறந்தது. கரடுமுரடாக, மணிமணியாக இருக்கும் பகுதி கடைசியில் ஒரே வீச்சில் முறிந்த இடம். அந்தக் கடைசிப் பகுதி முகத்தில் சிறிதாக இருந்தால் வெறும் வளைவுத் தகைவு குறைவு என்று பொருள். தவறு சுமையில் இல்லை, விரிசல் பிறந்த இடத்தில் இருக்கிறது. பாதிக்கு மேல் பெரிதாக இருந்தால் சுமைதான் அதிகம். முகம் 45 பாகைச் சாய்வில் திருகிக்கொண்டு போயிருந்தால் முறுக்கு விசை வந்திருக்கிறது, அதாவது ஐட்லர் என்று நினைத்தது எங்கோ பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

விளிம்பில் சுற்றிலும் ரம்பப்பல் போல் சின்னச் சின்னப் படிகள் தெரிந்தால், விரிசல் ஒன்றல்ல, பல இடத்தில் ஒரே நேரத்தில் தொடங்கியிருக்கிறது. கூர்மையான மூலை இருக்கும்போது இது நடக்கும். அப்போது ஃபில்லட் ஆரத்தை அளக்கவேண்டும், வரைபடத்தைப் பார்த்தல்ல, ரேடியஸ் கேஜை அந்த மூலையில் வைத்து. வரைபடம் 1 மி.மீ. என்று சொல்லும், லேத்தில் போட்ட இன்சர்ட்டின் மூக்கு ஆரம் 0.4 மி.மீ. என்றால், தனியாக ஆரம் ஓட்டாதபோது மூலையில் நிற்பது அந்த 0.4 தான். கேஜின் 1 மி.மீ. இலையை வைத்தால் மூலையின் அடியில் வெளிச்சம் கசியும். Kt அங்கே 2.57, Kf 2.0. மூலைத் தகைவு 155-லிருந்து 171-க்கு ஏறுகிறது, பாதுகாப்புக் காரணி 1.03. பெல்ட்டை யாராவது பத்து சதவீதம் கூடுதலாக இறுக்கினால் 188, வரம்பைத் தாண்டியாகிவிட்டது. இந்த இரண்டும் சேர்ந்துதான் பல ஷாஃப்டுகளை முறிக்கின்றன. தனித்தனியாக எதுவும் பெரிய தவறு மாதிரி தோன்றாது.

விரிசல் மூலையில் இல்லாமல் பேரிங் உட்காரும் பரப்பின் ஓரத்தில் தொடங்கியிருந்தால் கதை வேறு. அங்கே செந்நிறத்தில், மாவு மாதிரி ஒரு கறை இருக்கும். இறுக்கிப் போட்ட வளையத்துக்கு அடியில் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் நுண்ணளவில் உரசியதன் தடயம் அது. வரைபடத்தில் அந்த இடத்தில் மூலையே கிடையாது, அதனால் பலர் Kf-ஐ ஒன்று என்று விட்டுவிடுகிறார்கள். இறுக்கிப் பொருத்திய வளையத்தின் ஓரம் மட்டுமே 2 அளவுக்குச் செறிவு தரும். தொங்கல் ஷாஃப்டில் திருப்பம் உச்சத்தில் இருப்பதும் அந்த இடத்தில்தான். எனவே தோளை மட்டும் சரிபார்த்து முடித்துவிடக்கூடாது. பேரிங் இருக்கையின் இரண்டு ஓரத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடவேண்டும்.

துரு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். தண்ணீர் தெறிக்கும் இடம், உப்புக்காற்று, இரசாயன ஆவி இருந்தால் களைப்பு வரம்பு என்ற ஒன்றே எஃகுக்குக் கிடையாது. எவ்வளவு குறைந்த தகைவானாலும், சுற்று ஏறிக்கொண்டே போனால் முறியும். அதை ஒரு காரணியால் பெருக்கிச் சரிக்கட்ட முடியாது. ஷாஃப்டை மூடவேண்டும், அல்லது தண்ணீர் படாமல் தடுக்கவேண்டும்.

ஷாஃப்ட் சுற்றாமல் நின்றிருக்க, சுமை மட்டும் மேலும் கீழுமாக மாறும் இடம் என்றால் முகத்தில் எதிரெதிர் பக்கத்திலிருந்து இரண்டு விரிசல்கள் வந்து நடுவில் கடைசிப் பகுதி பட்டையாக நிற்கும். அங்கே அளவுக்காரணிக்கு முழு விட்டம் போடாமல் 0.37 மடங்கு போடவேண்டும், 35 மி.மீ.க்கு அது 0.94 ஆகும்.

அறிகுறி 4: உயர்ந்த எஃகுக்கு மாறியும் பயன் தெரியவில்லை

முறிந்ததும் முதலில் தோன்றும் யோசனை "நல்ல மெட்டீரியல் போடுவோம்" என்பதுதான். 620-க்குப் பதில் 1000 மெகாபாஸ்கல் கலப்பு எஃகு போட்டுப் பழைய 480 நியூட்டன் மீட்டருக்கே கணக்கிடுவோம். வரம்பு பாதி என்று 500 வரும், ஆனால் வலிமையான எஃகு பரப்பின் கோடுகளை அதிகம் பொருட்படுத்தும், பரப்புக்காரணி 0.72-க்கு இறங்கும். மூலையையும் அதிகம் உணரும், q 0.85, Kf 1.94. முடிவில் வரம்பு சுமார் 250, மூலைத் தகைவு 221, பாதுகாப்புக் காரணி 1.13. முன்பு 0.85. வலிமை அறுபது சதவீதம் ஏறியது, பயன் முப்பத்து மூன்று சதவீதம். வீண் இல்லை, ஆனால் செலவழித்த அளவுக்குக் கிடைக்கவில்லை.

கடையாமல் ஃபோர்ஜிங் செதிலோடு விட்ட பரப்பு என்றால் இன்னும் மோசம். அதற்கான பரப்புக்காரணி 620-க்கு 0.45, 1000-க்கு 0.28. வரம்பில் பெருக்கினால் இரண்டுக்கும் 140 மெகாபாஸ்கல்தான். மேல்தோலில் கரிமம் எரிந்து போயிருப்பதால் உள்ளே இருக்கும் வலிமை வெளியே வருவதில்லை. இந்த நிலையில் விலை கூடிய எஃகு வாங்குவதற்குப் பதில், அந்தப் பரப்பை லேத்தில் ஒரு கட் எடுப்பதில் கிடைக்கும் லாபம் அதிகம்.

நம் ஷாஃப்டுக்கு நான் தேர்ந்தெடுப்பது மூலையையும் தொங்கலையும் தான். பேரிங்குக்கும் தோளுக்கும் நடுவில், உள்விளிம்பு சாய்த்துச் செதுக்கிய ஒரு ஸ்பேசர் வளையம் போட்டால், பேரிங் அந்த வளையத்தில் முட்டும். மூலை ஆரத்தை 2.5 மி.மீ. ஆக்கலாம். Kf 1.81-லிருந்து 1.59-க்கு இறங்கும். தொங்கல் 80 மி.மீ.யே இருந்தால் மூலைத் தகைவு 181, இன்னும் வரம்புக்குச் சற்று மேலே, ஆக இது மட்டும் போதாது. புல்லியையும் 20 மி.மீ. உள்ளே தள்ளினால் 136, பாதுகாப்புக் காரணி 1.29. அதே 620 எஃகு, அதே 35 மி.மீ., அதே பேரிங். இதன்பின் மீண்டும் சரிபார்க்கவேண்டியது பேரிங் இருக்கையின் ஓரம்: Kf 2 என்று வைத்தால் அங்கே 171, வரம்பு 176. தோள் பலமானதும் பலவீனமான இடம் அங்கே நகர்ந்துவிட்டது. அந்த இருக்கைப் பரப்பை ரோலர் வைத்து அழுத்தி உருட்டினால் மேல்தோலில் அமுக்கத் தகைவு நிற்கும், உரசலில் பிறக்கும் விரிசல் வளர அது இடம் கொடுக்காது. ரயில் அச்சுகளில் சக்கரம் இறுக்கும் இடத்துக்கு வெகுகாலமாகச் செய்துவரும் வேலை இது. உருட்ட வசதி இல்லாத பட்டறையில், தொங்கலை இன்னும் 10 மி.மீ. குறைக்க இடமிருக்கிறதா என்று அளந்து பாருங்கள், 50 மி.மீ.யில் அந்த ஓரத்தின் தகைவு 143-க்கு வந்துவிடும்.